தெரியாத நோயும் இல்லாத நோயும்: நாற்பதுக்குப் பின் முதல் கடும்பயிற்சி

பயிற்சிக்கு முன் கேட்கும் வினாக்கள் பற்றிய அண்மைக்கால எழுத்துகள் வயதையும் ஆபத்துக் காரணிகளையும் கூட்டிப் பார்ப்பதைக் கைவிட்டுவிட்டன. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்றையே கேட்கிறது: இப்போது உடற்பயிற்சி உண்டா? இதய நோய், நீரிழிவு, சிறுநீரக நோய் இருப்பது தெரியுமா, அவற்றின் அறிகுறி உண்டா? எவ்வளவு கடுமையாகச் செய்யப் போகிறீர்கள்? நாற்பதைக் கடந்த எல்லோரையும் மருத்துவரிடம் அனுப்பிய பழைய வழக்கத்தை விட்டது சரியே. என் கருத்து வேறுபாடு இரண்டாம் வினாவோடுதான்.

அவ்வினா, சோதித்துப் பார்த்தவரையே மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு 2023இல் புதுச்சேரிப் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. கோவாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே அதிகம். அவர்களில் ஒரு பங்கினர் அதை அறியாதவர்கள். அவர்கள் நேர்மையாகவே 'இல்லை' என்பார்கள்.

தேங்காய்த்திட்டில் கல்லாவில் உட்கார்ந்தே நாளைக் கழிக்கும் 46 வயதுக் கடைக்காரர் ஒருவரைக் கற்பனை செய்வோம். சர்க்கரை பார்த்ததே இல்லை. அப்பாவுக்கு ஐம்பதில் ஸ்டென்ட் வைத்தார்கள். 'நெஞ்சுவலி உண்டா?' என்றால் இல்லை என்பார். இரண்டாம் மாடி ஏறினால் இப்போதெல்லாம் நின்று மூச்சு வாங்குகிறது என்பதைச் சொல்ல மாட்டார், அதை யாரும் கேட்கவில்லையே. நீண்டநாள் நீரிழிவில் நரம்பு மழுங்கி மாரடைப்புகூட வலியின்றி வரலாம் என்பதால், அவரிடம் வலியைவிட மூச்சிரைப்பைக் கேட்பதே பயன் தரும். 'போன வருஷம் ஏறிய படியை இப்போது அதே வேகத்தில் ஏறுகிறீர்களா?' என்ற வினா இங்கே அதிகம் பிடித்துக் காட்டும் என்று கருதுகிறேன். அதோடு இன்னொன்று: 'கடைசியாக எப்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தீர்கள், எவ்வளவு இருந்தது?' எண் சொல்ல முடியாதவரின் விடையை 'இல்லை' என்று அல்ல, 'தெரியாது' என்றே குறிக்க வேண்டும்.

இது பழைய தடையைத் திரும்பக் கொண்டுவரும் என்பார்கள். வராது. நான் கேட்பது டிரெட்மில் சோதனை அல்ல. அறிகுறியற்றவரிடம் அது பொய் எச்சரிக்கைகளையே பெருக்கும். நான் கேட்பது ரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான்; முப்பதைக் கடந்தவருக்கு அரசு சுகாதார நிலையத்திலேயே இவ்விரண்டையும் பார்க்கிறார்கள்.

திருத்தத்தின் மறுபாதியையும் பலர் படிப்பதில்லை. அசைவற்று இருந்தவருக்கு நோயும் அறிகுறியும் இல்லையென்றாலும், அது அனுமதிப்பது மிதமான தொடக்கத்தை மட்டுமே. 1993இல் மிட்டில்மேன் குழுவினர் கண்டது இதற்குப் பொருந்துகிறது: கடும் உழைப்புக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு, வாரம் ஐந்து நாளாவது உழைப்பவரிடம் ஏறத்தாழ 2.4 மடங்கும், வாரம் ஒருமுறைகூட உழைக்காதவரிடம் 107 மடங்கும் உயர்ந்தது. தனி ஒரு மணிக்கான அடிப்படை வாய்ப்பு மிகச் சிறியது என்பதால் 107ஐப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நம் கடைக்காரரின் படிக்கட்டு மூச்சிரைப்பு புதிது; அதற்கு மருத்துவர் விடை சொல்லும்வரை மிதமான நடையையும் தொடங்கச் சொல்ல மாட்டேன்.