நிகழாத ஒன்றின் நிகழ்தகவு

‘இடர்நடுநிலை நிகழ்தகவு’ என்ற தொடரில் படிப்பவரை வழிதவற வைப்பது கடைசிச் சொல்தான். நிகழ்தகவு என்றால் ஒன்று நிகழ்வதற்கு உள்ள தகவு. ஆப்ஷன் விலையைக் கணக்கிடும் இந்த எண்ணோ, எது எத்தனை முறை நிகழும் என்று சொல்வதே இல்லை. ‘பொருத்தம்’ என்று பொருள்படும் பின்பாதி மட்டுமே அதற்குச் சரியான பெயர். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். இன்று 100 ரூபாய் விற்கும் பங்கு, ஆண்டு முடிவில் 130 ஆகும் அல்லது 90 ஆகும். வட்டி 2 சதவீதம். அன்று அந்தப் பங்கை 110 ரூபாய்க்கு வாங்கும் உரிமையே கால் ஆப்ஷன். பங்கு ஏறினால் அது 20 ரூபாய் தரும், இறங்கினால் ஒன்றும் தராது. இப்போது அரைப் பங்கை 50 ரூபாய்க்கு வாங்குகிறோம், அதில் 44.12 ரூபாய் கடன். ஆண்டு முடிவில் கடன் 45 ஆகிவிடும். ஏறினால் 65-இல் 45 போக 20 மிஞ்சும். இறங்கினால் 45-இல் 45 போகச் சுழியம். ஆப்ஷன் தருவதை அப்படியே தரும் இந்த ஏற்பாட்டுக்குக் கைப்பணம் 5.88 ரூபாய். ஆகவே ஆப்ஷனின் விலையும் அதுவே. பங்கு ஏறும் வாய்ப்பு எவ்வளவு என்று இதுவரை எங்கும் கேட்கவே இல்லை.

பிளாக்கும் ஷோல்ஸும் 1973-இல் தந்த சூத்திரத்திலும் பங்கின் எதிர்பார்ப்பு வருமானம் இல்லை. விலை மனிதரின் இடரச்சத்தைச் சாராததால், இடரைப் பொருட்படுத்தாதவர்கள் மட்டுமே வாழும் உலகைக் கற்பனை செய்து அங்கே கணக்கிட்டாலும் அதே விடை வரும் என்று 1976-இல் காக்ஸும் ராஸும் காட்டினர். ‘நடுநிலை’ அந்தக் கற்பனை மாந்தரின் குணம். அங்கே எல்லாப் பங்கும் வட்டியளவே வளர வேண்டும். நம் பங்கின் சராசரி 102. அதற்கு ஏற்றத்தின் எடை (102−90)/(130−90), அதாவது 0.3; இடர்நடுநிலை நிகழ்தகவு என்பது இந்த எடைதான். 20-ஐ 0.3-ஆல் பெருக்கி 1.02-ஆல் வகுத்தால் மீண்டும் 5.88. காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் மூவரும் 1979-இல் இந்த இருகிளை மரத்தை விரித்து எழுதினர்.

ஏறும் உண்மை வாய்ப்பு 0.6 என்றால் ஆப்ஷன் 11.76 பெறாதா என்று கேட்கலாம். அந்த விலைக்கு யாராவது வாங்கினால், விற்றவர் 5.88-இல் நம் ஏற்பாட்டைச் செய்துவிட்டு மீதி 5.88-ஐ எந்த இடருமின்றி எடுத்துக்கொள்வார். அப்படியானால் சந்தையின் நம்பிக்கைக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் அது பங்கின் விலைக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. நம்பிக்கை பெருகி, அதே இரு கிளைகளுடன் பங்கு 105 ஆனால், எடையும் சுமார் 0.43 ஆகிவிடும். கிளைகள் இரண்டும் நடக்கக்கூடியவை என்பதற்கு மட்டுமே உண்மை உலகின் சாட்சியம் தேவை. வலுவான ஆட்சேபம் வேறு: பங்கு 100-இலேயே நின்றுவிட்டால்? அப்போது அரைப் பங்கு 50, கடன் 45. கையில் 5 ரூபாய் மிஞ்சும், ஆப்ஷனோ ஒன்றும் தராது. மூன்றாவது கிளை முளைத்ததும் பங்கும் கடனும் மட்டும் போதாமல் போகின்றன; ஒரே எடைக்குப் பதிலாக எடைகளின் ஒரு வரம்புதான் கிடைக்கிறது.