பொதியில்: கப்பலேறிய ஒரு மலைப்பெயர்

கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களுக்கு மேலே எழும் மலைத்தொடர் வடக்கே நீண்டு, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் கூடத்தை எட்டுகிறது. சங்கப் பாடல்களில் இம்மலை பொதியில். இன்று நம் வாயில் பொதிகை. லாசாவில் தலாய் லாமாக்களின் அரண்மனைக்குப் பெயர் பொதாலா. சீனத்தின் செச்சியாங் கரையை ஒட்டி ஒரு தீவு, பெயர் புதோ. ஜப்பானியர் தென்கடலுக்கு அப்பால் இருப்பதாக நம்பிய புண்ணிய பூமி புதராக்கு. இம்மூன்றும் வடமொழிப் 'பொதலக'த்தின் திரிபுகள்; அவலோகிதேசுவர போதிசத்துவர் உறையும் மலைக்கு அதுவே பெயர். அந்தப் பொதலகம் நம் பொதியில்தானா? ஆம் என்றே கருதுகிறேன். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக அல்ல.

முதலில் இடம். கி.பி. 640 வாக்கில் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங், தெற்கே மலகூட நாட்டில் சந்தனம் விளையும் மலய மலையையும், அதன் கிழக்கே பொதலகத்தையும் குறிப்பிடுகிறார். உச்சியில் ஒரு சுனை, அதிலிருந்து இறங்கித் தென்கடலில் கலக்கும் ஆறு, வடகிழக்கே ஈழத்துக்குக் கப்பலேறும் கடலோர ஊர் என்று அடையாளம் சொல்கிறார். அவர் அந்நாட்டுக்குப் போகவில்லை, கேட்டதை எழுதினார் என்பது சரியான ஆட்சேபம். ஆனால் அவர் சொல் தனித்து நிற்கவில்லை. 720 வாக்கில் ஈழம், ஸ்ரீவிஜயம் வழியாக வணிகக் கப்பல்களோடு சீனம் சேர்ந்த துறவி வச்சிரபோதியை, மலய நாட்டில் பொதலகத்துக்கு அருகே பிறந்தவர் என்கிறது ஒரு சீன வரலாறு. தமிழகத்தின் தென்கோடி மலை என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

அடுத்து சொல். ஜப்பானிய அறிஞர் ஷு ஹிகோசகா 1989இல் வெளிவந்த நூலில், போதியின் இல்லமே பொதியில் ஆயிற்று என்று வாதிட்டார். பௌத்தம் மலைக்குப் பெயர் கொடுத்தது என்றாகும் இந்த விளக்கம் பலருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒலி இதற்கு இடம் தரவில்லை. 'போதி'யைத் தமிழ் நெடிலோடுதான் எடுத்துக்கொண்டது. இன்றும் போதி மரம்தான், பொதி மரம் இல்லை. மேலும், போதி என்பதே வேராக இருந்தால் வடமொழி பௌத்தர் தங்கள் தலையாய சொல்லை அடையாளம் தெரியாமல் வல்லெழுத்தாக்கி எழுதியிருப்பார்களா? திசையை மாற்றிப் பாருங்கள். வடமொழியில் குறில் ஒகரம் கிடையாது. ஆகவே தமிழ்ப் 'பொதி' அங்கே போகும்போது நெடிலாவது இயல்பு. பொதியில் என்பது சங்கத் தமிழில் ஊர்ப் பொதுமன்றத்துக்கும் பெயர். இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறிக்கும் 'பெட்டிகோ' மலையைப் பொதிகை என்றே அறிஞர் பலர் கொள்கின்றனர். பெயர் மண்ணுக்குரியது, பௌத்தம் அதை ஏற்றுக்கொண்டது.

வடமொழியில் 'போதம்' என்றால் மரக்கலம். அதிலிருந்தே பொதலகம் வந்தது என்பாரும் உண்டு. மலைக்கு அது வேராக இருக்க முடியாது என்றாலும், அந்த ஒலியொப்புமை பெயர் பரவத் துணைசெய்திருக்கலாம். தாமரைச் சூத்திரம் அவலோகிதரை, கலம் கவிழும் வேளையில் கூப்பிட்டால் வந்து காப்பவராகக் காட்டுகிறது. கடலோடிகளுக்கு வேண்டிய தெய்வம் இதுதான். அதனால் அவர் இருப்பிடமும் கடல்வழியே நகர்ந்தது. புதோ தீவு, நிங்போ துறையிலிருந்து ஜப்பானுக்குப் போகும் பாதையில் கிடக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு ஜப்பானியத் துறவி கொண்டுபோன, அவலோகிதரின் சீன வடிவமான குவான்யின் சிலை, அங்கிருந்து நகர மறுத்ததாகத் தலபுராணம் சொல்கிறது. அதற்கு முன் அத்தீவு ஒரு தாவோ சித்தரின் பெயரைத் தாங்கியிருந்தது. லாசாவிலும் 1645இல் ஐந்தாம் தலாய் லாமா கட்டத் தொடங்கிய இடம், ஏற்கெனவே செம்மலை என்று பெயர்பெற்ற குன்று. எங்கும் ஒரே முறைதான்: பழைய புனித இடத்தில் பௌத்தம் குடியேறுகிறது, பழைய தெய்வத்தை விரட்டாமல் பக்கத்தில் அமர்கிறது.

மலையுச்சியில் விகாரச் சுவடு இல்லையே என்பது கடைசி ஆட்சேபம். பொதியிலைப் பிற்காலத்தில் அகத்தியர் மலையாக மட்டும் அறிந்த நமக்கு அது வலுவாகவே தோன்றும். ஆனால் பொதியில் சங்க காலத்தில் ஆய் குலத்தவர் மலை. அக்குலத்தின் விக்கிரமாதித்த வரகுணன் ஸ்ரீமூலவாச விகாரத்துக்கு நிலம் விட்டதைப் பாலியம் செப்பேடு சொல்கிறது. பதினோராம் நூற்றாண்டு வீரசோழியமோ, அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கற்றார் என்கிறது. யுவான் சுவாங்கும், அடிவாரத்தில் வேண்டுவோருக்கு அவலோகிதர் சில வேளை ஈசுவரன் உருவில் காட்சி தருவார் என்று எழுதினார். ஒரே மலைக்குச் சைவரும் பௌத்தரும் உரிமை கோரியதன் தடங்கள் இவை. இங்கே அகத்தியர் நிலைத்தார். பெயர் மட்டும் கப்பலேறிய திசைகளில் அவலோகிதருடையதாகவே நிலைத்தது.