ஓணமும் இறக்குமதி வரியும்: புளியறையில் தேங்காய் எண்ணெயின் விலை நெகிழ்ச்சியை அளவிடுதல்

ஒரு மளிகைப் பொருளின் விலை ஒரு விழுக்காடு ஏறினால் விற்பனை எத்தனை விழுக்காடு குறையும் என்பதே விலை நெகிழ்ச்சி. இதை மதிப்பிட முனைவோர் விலைக்கும் விற்பனைக்குமே கூடுதல் கவனம் தருகிறார்கள். பண்டிகை வாரங்களைக் கடைசியில் ஒரு மாறியாக ஒட்டிவிடுகிறார்கள். தென்காசி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய புளியறை போன்ற ஊரில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் வாதம். எந்த நாட்காட்டியை வைத்துப் பண்டிகையைக் குறிக்கிறோம் என்பதைப் பொறுத்து நெகிழ்ச்சியின் அளவு மட்டுமன்றி, போட்டிப் பொருளின் கெழுவுக்கு முன்னுள்ள குறியே மாறிவிடலாம். தேங்காய் எண்ணெயை வைத்து இதைக் காட்டுகிறேன்.

வாரவாரி விற்பனைக்கான மடக்கைச் சமன்பாடு இது:

ln Q = a + b·ln P + c·ln R + d·D + e·F + u

Q விற்ற லிட்டர், P தேங்காய் எண்ணெயின் விலை, R சூரியகாந்தி எண்ணெய் அல்லது பாமாயிலின் விலை, D தள்ளுபடி வாரம், F பண்டிகை வாரம். இரு பக்கமும் மடக்கை எடுத்திருப்பதால் b நேரடியாகவே நெகிழ்ச்சி, c குறுக்கு நெகிழ்ச்சி. D, F இரண்டும் 0 அல்லது 1 என்ற மதிப்பே பெறும் போலி மாறிகள். அவற்றின் கெழுவை அப்படியே விழுக்காடாகப் படிக்கக்கூடாது. e = 0.45 என்று வந்தால் விற்பனை 45 விழுக்காடு கூடியதாகப் பொருளில்லை. exp(0.45) = 1.57, கூடியது 57 விழுக்காடு.

இனி F. புளியறையைத் தாண்டினால் ஆரியங்காவு. செங்கோட்டைப் பகுதியே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. இங்குள்ள கடைக்குத் தீபாவளி, பொங்கலோடு ஓணமும் உண்டு. கார்த்திகை தொடங்கி மகரவிளக்கு வரை சபரிமலை செல்லும் வண்டிகளும் உண்டு. சாரல் தொடங்கினால் குற்றாலத்துக்கு வரும் கூட்டமும் உண்டு. இவற்றை ஒரே F-இல் அடக்கினால், எண்ணெயை மொத்தமாக வாங்கும் ஓண வாரமும் வழியில் நின்று சில்லறையாக வாங்கும் சபரிமலை வாரமும் ஒரே கெழுவைப் பெற்றுவிடும். ஓணம் ஆங்கில நாட்காட்டியில் நகர்வது: 2023-இல் ஆகஸ்ட் 29, 2024-இல் செப்டம்பர் 15, 2025-இல் செப்டம்பர் 5. மாதத்துக்கு ஒரு போலி மாறி போட்டு ஓணத்தைப் பிடித்துவிட முடியாது. குற்றாலத்துக்கோ தேதியே கிடையாது. அருவியில் குளிக்கத் தடை போட்ட நாட்களை வாரத்துக்கு எண்ணி எடுப்பது, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கண்ணை மூடிக்கொண்டு 1 போடுவதைவிட நேர்மையானது.

F-ஐ விட்டுவிட்டால் என்ன ஆகும்? பின்வரும் எண்கள் கணக்கின் போக்கைக் காட்ட நான் அமைத்தவை, எந்தக் கடையின் பேரேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. 104 வாரங்களில் 10 பண்டிகை வாரங்கள். உண்மையான b = –1.4, e = 0.45. ln P-இன் திட்டவிலக்கம் 0.08, ஆகவே மாறுபாடு 0.0064. பண்டிகையை ஒட்டி மொத்த விலை ஏறுவதால் அந்த வாரங்களில் ln P சராசரியாக 0.10 கூடுதல் என்று கொள்வோம். F-க்கும் ln P-க்கும் இடையிலான இணைமாறுபாடு 10/104 × 94/104 × 0.10 = 0.0087. இதை 0.0064-ஆல் வகுத்தால் 1.36, அதை 0.45-ஆல் பெருக்கினால் 0.61. F இல்லாத சமன்பாடு b-ஐ –1.4 + 0.61 = –0.79 என்று காட்டும். விலையை ஏற்றினால் வரவு குறையும் என்பதே உண்மை. கணக்கோ, ஏற்றினால் வரவு கூடும் என்கிறது. கடைக்காரர் பண்டிகைக்கு விலையைக் குறைப்பவராக இருந்தால் அதே பிழை எதிர்ப்பக்கம் சாய்ந்து –2.01 என்று வரும். ஆகவே இந்தப் பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம்: பண்டிகை வாரத்தில் விலை ஏறியதா இறங்கியதா என்று பார்த்தாலே போதும்.

குறுக்கு நெகிழ்ச்சிக்கு 2024 செப்டம்பர் நல்ல பாடம். அம்மாதம் 14-ஆம் தேதி முதல் ஒன்றிய அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை 0-இலிருந்து 20 விழுக்காடாக்கியது. கூடுதல் வரிகளையும் சேர்த்து மொத்தம் 5.5-இலிருந்து 27.5 விழுக்காடு. கடைக்காரரோ வாடிக்கையாளரோ முடிவு செய்யாத விலையேற்றம் இது. c-ஐ அளக்க இதைவிடத் தோதான வாய்ப்பு அரிது. மறுநாளே திருவோணம். அதாவது ஓணக் கொள்முதல் முடிந்து தேங்காய் எண்ணெய் விற்பனை இயல்பாகவே சரியும் வாரங்களில்தான் R ஏறுகிறது. ஓணத்துக்கென்று மாறி இல்லாத சமன்பாட்டுக்கு, R ஏறியபோது Q இறங்கியதாகத் தெரியும். இரண்டு எண்ணெய்களும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, துணைப்பொருள்கள் என்று அது முடிவு கட்டும். c எதிர்க்குறியோடு வந்தால் கோட்பாட்டைத் திருத்தப் போகுமுன் நாட்காட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மாறி இருந்தாலும் போதாது. வயநாடு நிலச்சரிவுக்குப் பின் கேரள அரசு அந்த ஆண்டின் ஓண வாரக் கொண்டாட்டங்களைக் கைவிட்டது. 2023, 2024, 2025 மூன்றுக்கும் ஒரே ஓணக் கெழு என்பது அந்த வாரங்களின் மந்தத்தை வேறு மாறியின் தலையில் கட்டும். ஆண்டுக்கு ஒரு ஓண மாறியும், ஓணத்தை அடுத்த இரு வாரங்களுக்குத் தனி மாறியும் வேண்டும்.

```r
m <- lm(log(q) ~ log(p) + log(r) + promo + promo_lag +
        onam23 + onam24 + onam25 + onam_after +
        mandala + diwali + pongal + bath_ban + trend, data = d)
```

இதில் promo_lag எண்ணெய்க்குக் கட்டாயம். எண்ணெய் கெடாது, மலிவாகக் கிடைத்த வாரம் இரண்டு பாக்கெட் வாங்கியவர் அடுத்த வாரம் வரமாட்டார். மீண்டும் அமைத்த எண்களே: சாதாரண வாரம் 100 லிட்டர், d = 0.5, அடுத்த வாரத்துக்கான கெழு –0.3. தள்ளுபடி வாரம் 165, மறுவாரம் 74. கூடியது 65 அல்ல, 39 லிட்டர்தான். விலை மாறுவதே தள்ளுபடியால் மட்டும் என்றால் ln P-யும் D-யும் ஒன்றையொன்று விழுங்கிவிடும், திட்டப்பிழை வீங்கும். அப்போது வழக்கமான விலையையும் தள்ளுபடியின் ஆழத்தையும் இரு மாறிகளாகப் பிரிப்பது நல்லது. சரக்குத் தீர்ந்து 0 விற்ற வாரத்துக்கு மடக்கையே இல்லை; அதில் 1-ஐக் கூட்டிச் சமாளிக்கும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. அந்த வாரத்தில் இல்லாதது சரக்கு, தேவை அல்ல. அதை நீக்குவதே முறை.

இத்தனைக்குப் பிறகும் P முழுவதும் வெளியிலிருந்து வந்ததாக ஆகிவிடாது. நன்றாக விற்கும் என்று தெரிந்துதான் கடைக்காரர் விலை வைக்கிறார். பிலிப் ரைட் 1928-இல் இச்சிக்கலுக்கு வழி காட்டினார்: தேவையைத் தொடாமல் வழங்கலை மட்டும் அசைக்கும் ஒன்றைப் பிடித்து அதன் வழியாக விலையைப் பார். அவர் அதை எழுதிய நூலே விலங்கு, தாவர எண்ணெய்கள் மீதான சுங்க வரியைப் பற்றியது. நமக்குக் காங்கேயத்தின் கொப்பரை விலை அந்த வேலையைச் செய்யக்கூடும், ஆனால் முழுமையாக அல்ல. ஓணத்துக்கான கேரளத்தின் தேவை கொப்பரை விலையையும் இழுக்கிறது. ஓண மாறிகள் சமன்பாட்டில் இருக்கும்போது மட்டுமே அந்தக் கருவி செல்லும்.

2025-இல் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. அதற்கு முந்தைய விலைகளில் மதிப்பிட்ட b-ஐ அங்கே நீட்டிப் பொருத்துவது தவறு; மடக்கைச் சமன்பாடு எல்லா விலைக்கும் ஒரே நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்கிறது, அடுப்படி அப்படி எடுத்துக்கொள்வதில்லை. 2025-ஐத் தனியாகவும் அதற்கு முந்தைய வாரங்களைத் தனியாகவும் ஓட்டி, இரு b-களும் ஒன்றன் திட்டப்பிழைக்குள் மற்றொன்று நிற்கிறதா என்று பார்த்த பிறகே இரண்டையும் சேர்க்கலாம்.