காஞ்சிபுரம் போக எதுக்குங்க மெரினா?

ரோபோ ஒன்றுக்காக 1968-ல் எழுதிய கணக்குதான், இன்றைக்கும் சாலை வழி தேடும் பல நிரல்களுக்கு அடிப்படை. அதன் கதையைத் தண்டலத்தை வைத்துச் சொல்கிறேன். தண்டலம் என்ற பெயரில் இந்தப் பக்கம் நிறைய ஊர் உண்டு. நான் சொல்வது சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில், பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் இருக்கிற தண்டலம்.

முதலில் டைக்ஸ்ட்ரா. 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் ஆர்மாக் என்ற புதுக் கம்ப்யூட்டரைப் பொதுமக்களுக்குக் காட்ட ஒரு விழா. வந்தவர்களுக்குப் புரிகிற மாதிரி ஏதாவது செய்து காட்டணும். நெதர்லாந்தின் 64 ஊர்களுக்கு இடையே குறுகிய வழி கண்டுபிடிப்போம் என்று முடிவு செய்தார் டைக்ஸ்ட்ரா. வருங்கால மனைவியோடு கடைவீதி சுற்றிவிட்டு ஒரு காபிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, பேப்பர் பேனா இல்லாமலே, 20 நிமிடத்தில் வழிமுறை மனசில் வந்துவிட்டதாம். அச்சில் வந்தது 1959-ல், மூணே பக்கக் கட்டுரையாக.

முறை ரொம்ப எளிது. கிளம்பிய இடத்திலிருந்து மிக அருகில் இருக்கும் சந்திப்பை எடு, அதன் தூரத்தை உறுதி செய், அங்கிருந்து பிரியும் சாலைகளைச் சேர்த்துக்கொள், மீதியில் மிக அருகில் இருப்பதை எடு. போய்ச்சேர வேண்டிய ஊர் கையில் வரும்வரை இதேதான். விடை எப்போதும் சரியாக வரும். ஆனால் போகிற ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று இந்த முறைக்குத் தெரியவே தெரியாது. குளத்தில் கல் போட்டால் அலை பரவுமே, அப்படி எல்லாப் பக்கமும் விரியும்.

64 ஊருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இப்போ தண்டலத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு வழி கேளுங்கள். இங்கே வரும் எண்கள் எல்லாம் தோராயமாக முழு எண்ணாக்கியவை. சாலை தூரம் 48 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் இருப்பது மேற்கே, தென்மேற்கே. ஆனால் டைக்ஸ்ட்ரா அதை உறுதி செய்வதற்கு முன்னால் 48 கிலோமீட்டருக்குள் இருக்கும் அத்தனை சந்திப்புகளையும் எடுத்திருக்கும். மெரினா கடற்கரையே தண்டலத்திலிருந்து அதைவிடக் கிட்ட. ஆக, காஞ்சிபுரம் போக வழி கேட்டால் கோடம்பாக்கம், தி.நகர், மயிலாப்பூர் என்று ஒவ்வொரு சந்தாக நுழைந்து பார்த்துவிட்டு, கடல் வந்ததும்தான் கிழக்கே நிற்கும் :-)

அடுத்த காட்சி அமெரிக்கா. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனம் 1966-ல் ஷேக்கி என்ற ரோபோ திட்டத்தை ஆரம்பித்தது. அறைகளில் பெட்டிகளுக்கு இடையே தானாக வழி கண்டுபிடித்துப் போகணும். அதே 1966-ல் எடின்பரோவில் டோரனும் மிக்கியும், இலக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்ற யூகத்தை மட்டும் வைத்துத் தேடும் ஒரு நிரலைப் பற்றி எழுதியிருந்தார்கள். யூகத்தை மட்டும் நம்பினால் இலக்கை நோக்கி வேகமாகப் போகலாம், ஆனால் கிடைப்பது குறுகிய வழி என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஷேக்கி குழுவில் நில்சன் இப்படி ஒரு யூகத்தைப் பயன்படுத்தலாம் என்றார். ராஃபேல், யூகம் மட்டும் போதாது, இதுவரை வந்த தூரத்தையும் அதோடு கூட்டுங்கள் என்றார். ஹார்ட் கவனித்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்: யூகம் உண்மையான மீதித் தூரத்தை ஒருபோதும் தாண்டாமல் இருந்தால், கிடைக்கும் வழி குறுகிய வழியேதான். மூவரும் சேர்ந்து 1968-ல் எழுதிய கட்டுரைதான் ஏ-ஸ்டார். சாலை வழிக்கு வான்வழித் தூரத்தை யூகமாக வைக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. யூகம் பழசு, கூட்டலும் ஹார்ட்டின் அந்த நிபந்தனையும்தான் புதுசு.

சூத்திரம் இவ்வளவுதான்:

```
f = g + h
```

g என்பது இதுவரை வந்த சாலை தூரம். h என்பது இங்கிருந்து இலக்குக்கு நேர்கோட்டுத் தூரம். f குறைவாக இருக்கும் சந்திப்பை முதலில் எடுக்கணும். மற்றதெல்லாம் டைக்ஸ்ட்ராவேதான்.

போட்டுப் பார்ப்போம். தண்டலத்தில் g பூஜ்யம், காஞ்சிபுரத்துக்கு நேர்கோடு 40, ஆக f 40. ஸ்ரீபெரும்புதூரில் g 11, h 30, ஆக f 41. எதிர்ப்பக்கம் பூந்தமல்லியில் g 9, h 49, ஆக f 58. டைக்ஸ்ட்ராவுக்குப் பூந்தமல்லிதான் கிட்ட, அதை முதலில் எடுக்கும். ஏ-ஸ்டார் ஸ்ரீபெரும்புதூரை எடுக்கும். காஞ்சிபுரத்தின் f 48. அதனால் 58-ல் இருக்கும் பூந்தமல்லியின் முறை வரவே வராது. பூந்தமல்லியே வரவில்லை என்றால் கோயம்பேடு ஏது, மெரினா ஏது? ஒரகடமும் அப்படித்தான்: g 25, h 27, ஆக f 52. கடைசிவரை வரிசையில் காத்திருக்கும்.

பூந்தமல்லியை விட்டது குருட்டு அதிர்ஷ்டம் இல்லைங்க. எந்தச் சாலையும் நேர்கோட்டைவிடக் குட்டையாக இருக்க முடியாது. பூந்தமல்லி வழியாகப் போனால் குறைந்தது 58 ஆகும் என்பது யூகம் என்ற பெயரில் இருக்கும் நிச்சயம். கையில் 48 இருக்கும்போது அதை ஏன் திறக்கணும்? நேர்கோட்டை 2-ஆல் பெருக்கி வைத்தால் இன்னும் வேகமாக ஓடும், ஆனால் அந்த நிச்சயம் போய்விடும். நல்ல வழியிலிருக்கும் ஒரு சந்திப்புக்கு f ஏறிப்போய், சுமாரான வழி முந்திக்கொள்ளலாம்.

நேர்கோடு கைவிடும் இடமும் பக்கத்திலேயே இருக்கு. தண்டலத்திலிருந்து குன்றத்தூருக்கு நேர்கோடு சுமார் 9 கிலோமீட்டர், ஆனால் அது செம்பரம்பாக்கம் ஏரி மேலேயே போகும். ஏரி இருப்பது h-க்குத் தெரியாது. கரையை ஒட்டிய சாலைகளுக்கெல்லாம் f குறைவாகத் தெரியும். தேடல் முதலில் அவற்றை நிரப்பி, முட்டி நின்று, அப்புறம்தான் வடக்கே நசரத்பேட்டை பக்கமும் தெற்கே ஸ்ரீபெரும்புதூர்-குன்றத்தூர் சாலைப் பக்கமும் f ஏற ஏற விரியும். விடை சரியாகவே வரும், மிச்சமாகும் வேலை மட்டும் குறைவு.

இதைவிடப் பெரிய சிக்கல் நேரக் கணக்கு. நாம் கேட்பது பெரும்பாலும் குறுகிய வழி இல்லை, சீக்கிரம் போகும் வழி. அப்போது h-க்கு நேர்கோட்டைப் படத்தில் இருக்கும் அதிகபட்ச வேகத்தால் வகுக்கணும். சராசரி வேகம் போட்டால் நிபந்தனை உடையும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்தால், பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் 29 நிமிடம். தண்டலத்திலிருந்து பூந்தமல்லிக்கு 15 நிமிடம் சேர்த்தால் f 44. காஞ்சிபுரத்துக்கு உண்மையில் 60 நிமிடம் ஆகும் என்றால், தூரக் கணக்கில் மூடியே கிடந்த பூந்தமல்லி இப்போது திறந்துகொள்ளும்.

இதற்கு 2005-ல் கோல்ட்பெர்க்கும் ஹாரல்சனும் ஒரு வழி சொன்னார்கள். சில இடங்களை அடையாளமாக வைத்து, அங்கிருந்து எல்லாச் சந்திப்புகளுக்கும் ஆகும் நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது. உதாரணத்துக்கு மெரினாவை அடையாளமாக வைப்போம். அங்கிருந்து காஞ்சிபுரம் 115 நிமிடம், பூந்தமல்லி 45 நிமிடம் என்றால், பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் 70 நிமிடத்துக்குக் குறைய முடியாது. குறைந்தால் மெரினாவிலிருந்து 115-க்கும் குறைவாகவே போயிருக்கலாமே! இப்போது பூந்தமல்லியின் f 15-ம் 70-ம் சேர்ந்து 85. மறுபடி கதவு சாத்தியாச்சு, அதுவும் மெரினா புண்ணியத்தில்.