காவல்துறைக்கு ஒரு கேள்விக் கடிதம்: நெய்யாற்றின்கரை - பாறசாலை எல்லையில் ஒரு வழக்கத்தின் வரலாறு

செய்தி அச்சேறுவதற்கு முன்பு காவல்துறையின் செய்தித் தொடர்பாளருக்கு நிருபர் ஒரு கடிதம் எழுதி, பெயரோடும் பதவியோடும் வெளியிடத்தக்க பதிலைக் கேட்பது இன்று சாதாரண நடைமுறை. இது எப்படி வந்தது என்பதற்கு விடை தேடுபவர்கள் பெரும்பாலும் ராபின் ஜெஃப்ரியிடம்தான் போய் நிற்கிறார்கள். கேரளத்து அச்சுலகத்தை 'அரிது', 'பற்றாக்குறை', 'பெருந்திரள்' என்று மூன்று கட்டங்களாகப் பிரித்து அவர் 2009-இல் எழுதிய கட்டுரை பரவலாக ஏற்கப்பட்டது. அந்தக் கட்டுரையை நம் கேள்விக்குப் பொருத்தினால் கிடைக்கும் விடை இது: பத்திரிகை சிலர் கையில் இருந்தவரை அதிகாரி அதைப் பொருட்படுத்தவில்லை, வீட்டுக்கு வீடு போனதும் பதில் சொல்லியே தீரவேண்டிய நிலைக்கு வந்தார். விற்பனை ஏறியது, கேள்விக்கு மதிப்பும் ஏறியது.

இந்த வாசிப்போடு எனக்கு உடன்பாடில்லை. ஜெஃப்ரியின் கணக்கில் பிழை இருப்பதாக நான் சொல்லவில்லை. பிரதிகளின் எண்ணிக்கையை வைத்து அரசியல் எழுச்சியையும் விளம்பர வணிகத்தையும் விளக்கலாம். ஒரு நிருபர் ஒரு அதிகாரியிடம் எழுத்தில் கேட்பதையும், அந்த எழுத்து பிறகு ஒரு சான்றாக நிற்பதையும் அது விளக்காது. அந்த வரலாறு சட்டப் பொறுப்பின் வரலாறு. அதைப் பார்க்க நெய்யாற்றின்கரையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

நெய்யாற்றின்கரையில் 1878-இல் பிறந்த கே. ராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் மௌலவி தொடங்கிய 'சுதேசாபிமானி'யின் ஆசிரியராக 1906-இல் பொறுப்பேற்றார். திருவிதாங்கூர் திவான் பி. ராஜகோபாலாச்சாரியைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். 26 செப்டம்பர் 1910 அன்று அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள்; அச்சகம் பறிமுதலானது. ஆரல்வாய்மொழியைத் தாண்டி பிரிட்டிஷ் திருநெல்வேலிக்குள் கொண்டுபோய் விட்டார்கள். இந்தக் கதையை எல்லோரும் அறிவர். அந்த நாள் வெளியான அரச விளம்பரத்தின் வாசகத்தைத்தான் அதிகம் பேர் நிதானமாகப் படித்ததில்லை.

அந்தச் சிறிய ஆவணத்தில் மூன்று விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, எந்தக் கட்டுரை, எந்த வரி, எந்தச் சட்டப் பிரிவு என்று எதுவும் அதில் இல்லை. பொது நன்மைக்காக என்ற ஒரே காரணம்தான். இரண்டாவது, பிள்ளையை அது பத்திரிகையின் ஆசிரியர் என்பதோடு நிர்வாக உரிமையாளர் என்றும் குறிக்கிறது. உண்மையில் பணம் போட்டவரும் அச்சகத்துக்கு உடையவரும் மௌலவி. எழுதியவரைத் தண்டிக்கும் ஆணையிலேயே இன்னொருவருடைய சொத்து போயிற்று. இந்தக் குறிப்பு கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா என்று ஆவணத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. வேண்டுமென்றே செய்தது என்ற பக்கமே நான் சாய்கிறேன். மூன்றாவதுதான் என் வாதத்துக்கு அச்சாணி. இந்த ஆணையின்கீழ் செய்த எதற்காகவும் அரசின்மீதோ அதன் அலுவலர்கள்மீதோ வழக்கு எதுவும் நிற்காது என்று அது முடிகிறது.

அலுவலருக்கு நீதிமன்றத்தில் பொறுப்பு இல்லை என்றால் அவரிடம் எழுதிக் கேட்பதற்கும் பொருளில்லை. அவர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எழுதியவனுக்குப் பாதுகாப்பு கிடையாது. 'சுதேசாபிமானி' ஊரெங்கும் விற்றிருந்தாலும் நிலைமை இதுவாகவே இருந்திருக்கும். ஜெஃப்ரியின் 'அரிது' என்ற கட்டம் இங்கே விளக்கும் வேலை எதையும் செய்யவில்லை. பிள்ளை 1912-இல் எழுதிய 'விருத்தாந்தபத்திரப் பிரவர்த்தனம்' இதழியல் தொழிலைப் பற்றி மலையாளத்தில் வந்த முதல் நூல் என்று போற்றப்படுகிறது. தொழிலின் கையேட்டை எழுதியவர் அதை நாடு கடத்தப்பட்ட நிலையில் எழுதினார் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்த கட்டத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழகத்தோடு இணைப்புக் கோரிப் போராடியவர்கள்மீது திருவிதாங்கூர்-கொச்சி காவல்துறை சுட்டது. மாண்டவர் எத்தனை பேர் என்பதில் சான்றுகள் ஒத்துப்போவதில்லை. அன்றைய கேள்விகள் முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளையை நோக்கிச் சென்றன. அவருடைய கட்சியைச் சேர்ந்த ராம் மனோகர் லோகியாவே அரசு விலக வேண்டும் என்றார். 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய 'தினமலர்' உள்பட அந்தக் காலத்துப் பத்திரிகைகள் ஏதாவது ஓர் இயக்கத்தின் பக்கம் நின்றவை. இந்த இடத்தில் ஜெஃப்ரியின் 'பற்றாக்குறை' கட்டம் நன்றாகவே பொருந்துகிறது, மறுக்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. ஒரே உறவுமுறை, ஒரே சந்தை, இரண்டு காவல்துறை.

திருப்பம் நேர்ந்தது சென்னையில், 1994-இல். ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை வெளியிட 'நக்கீரன்' முன்வந்தது. காவல்துறையிலும் ஆட்சிப் பணியிலும் இருந்த சிலருக்கு அவனோடு தொடர்பு இருந்ததாக அதில் கூறப்பட்டதாம். 1994 ஜூன் 15 அன்று சிறைத்துறைத் தலைவர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்: இதெல்லாம் பொய், வெளியிடக்கூடாது, மீறினால் நடவடிக்கை. அச்சுக்கு முன்னால் அதிகாரிக்கும் பத்திரிகைக்கும் நடந்த இந்த எழுத்துப் போக்குவரத்தில் கேட்டவர் யாருமில்லை. அதிகாரி தாமாக முன்வந்து தடுத்தார். நம் நிருபரின் கடிதத்துக்கு இதைத் தலைகீழ் முன்னோடி என்றே சொல்வேன்.

அந்த ஆண்டு அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஜீவன் ரெட்டியின் அமர்வு, அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஆர். ராஜகோபால் தொடுத்த வழக்கில் இரண்டு விஷயங்களை நிறுவியது. அவதூறு வரும் என்ற அச்சத்தைக் காட்டி அரசோ அதிகாரியோ முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது. அரசு அலுவலரின் பணி சார்ந்த செயலைப் பற்றி எழுதியவர், எழுதியது உண்மை என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நியாயமான அளவு சரிபார்த்த பிறகே எழுதினேன் என்று காட்டினால் போதும். சரிபார்த்ததை எதைக் கொண்டு காட்டுவது? தொலைபேசியில் கேட்டேன் என்பது வாய்ச்சொல். நேரம் குறித்து அனுப்பிய கேள்வி கையில் இருக்கும். குற்றச்சாட்டு உள்ள செய்தியை அச்சிடும் முன் சம்பந்தப்பட்டவரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்று பத்திரிகை மன்றத்தின் நெறிமுறையும் சொல்கிறது. கேள்விக் கடிதம் மரியாதைச் சடங்காக இருந்ததைவிட்டு ஆவணமாக மாறியது இங்கேதான் என்பது என் கருத்து. எல்லையோர நிருபர்கள் எந்த ஆண்டில் இதை வழக்கமாக்கினார்கள் என்பதை நிறுவ முடியாது. 1994-க்கும் 2010-க்கும் இடையில் என்று வைப்பதே பாதுகாப்பு.

2010 என்று சொல்லக் காரணம், அந்த ஆண்டு ஏப்ரல் 1 தேதியிட்ட உள்துறை அமைச்சகக் குறிப்பாணை. அதன்படி, பேச நியமிக்கப்பட்ட அதிகாரி மட்டுமே ஊடகத்திடம் பேசலாம். வழக்குப் பதிவு, கைது, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு ஆகிய கட்டங்களில் விவரம் தரலாம். முதல் 48 மணி நேரத்தில் நடந்ததையும் விசாரணை தொடங்கியதையும் தாண்டித் தேவையில்லாமல் பேசக்கூடாது. முழுக்க அதிகாரி பேசுவதைச் சுற்றி எழுதப்பட்ட ஆவணம் இது. நிருபருக்கு இதில் ஒரு பயன் உண்டு: எந்தக் கேள்விக்கு அதிகாரி பதில் சொல்ல இயலும், எதற்கு இயலாது என்பது முன்பே தெரிந்துவிடுகிறது.

பாறசாலைக் கஷாய வழக்கை வைத்து இதைச் சோதிக்கலாம். பாறசாலை இளைஞர் 2022 அக்டோபர் 14 அன்று, எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டம் பளுகல் காவல் எல்லைக்குள் உள்ள தோழியின் வீட்டில் எதையோ குடித்தார். அக்டோபர் 25 அன்று திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தார். வழக்கு பாறசாலையில், நிகழ்விடம் தமிழ்நாட்டில். ஊரெல்லாம் ஒரு பெயரைச் சொல்கிறது, யாரும் கைதாகவில்லை. அந்த வாரத்தில் ஒரு நிருபர் எழுதியிருக்கத்தக்க கடிதத்தை நானே வகுத்துப் பார்க்கிறேன்:

"திருவனந்தபுரம் ஊரக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு. ஐயா, பாறசாலை இளைஞர் மரணம் பற்றிய செய்தி நாளைக் காலைப் பதிப்பில் வருகிறது. கீழ்க்கண்டவற்றுக்குத் தங்கள் பதவிப் பெயருடன் வெளியிடத்தக்க பதிலைக் கேட்கிறோம். 1. வழக்கு இப்போது எந்தப் பிரிவில் உள்ளது? இயற்கைக்கு மாறான மரணம் என்ற பதிவு மாற்றப்பட்டதா? 2. நிகழ்விடம் பளுகல் காவல் எல்லையில் இருப்பதால் தமிழ்நாட்டுக் காவல்துறைக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்டதா? 3. இரசாயனப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா? இன்று இரவு 8 மணிக்குள் வந்தால் முழுமையாகச் சேர்ப்போம். வராவிட்டால், கேட்ட நேரத்தையும் பதில் வரவில்லை என்பதையும் எழுதுவோம். பிறகு வந்தால் அடுத்த பதிப்பில் இடம்பெறும்."

பக்கம் முடிவது 10 மணிக்கு என்றால் கெடு 8 மணி. பதில் வந்தபின் செய்தியைத் திருத்த இரண்டு மணி நேரமாவது வேண்டும். கடிதத்தில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. கைதுக்கு முன் அவர் குற்றவாளியா என்று கேட்பது அதிகாரியைக் குறிப்பாணையை மீறத் தூண்டுவதாகும். 'ஒப்புக்கொண்டாரா' என்ற கேள்வியும் இல்லை. அக்டோபர் 30 அன்று ஒப்புதல் வாக்குமூலம் பற்றி மூத்த அதிகாரியே ஊடகத்திடம் சொன்னார், எல்லாப் பத்திரிகையும் போட்டது. அன்று நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க முடியாது. வாசகன் மனத்தில் வழக்கு அன்றே முடிந்தது. நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் அது 2025 ஜனவரியில்தான் முடிந்தது.

இரண்டாவது கேள்விதான் இந்த மண்ணுக்கே உரியது. செயல் ஓரிடத்திலும் விளைவு வேறிடத்திலும் நேர்ந்தால் இரண்டு இடத்திலும் விசாரிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு அனுமதித்தது. ஆனாலும் வழக்கு எந்த மாநிலத்துடையது என்ற தர்க்கம் ஓயவில்லை. விசாரணையைத் தமிழ்நாட்டுக்கு மாற்றக் கேட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், மாற்றம் கிடைக்கவில்லை. ஆகவே இதே கடிதம், இரண்டாவது கேள்வியைத் திருப்பிப் போட்டு, நாகர்கோவிலில் குமரி மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் போக வேண்டும்: கேரளத்திலிருந்து தங்களுக்குத் தகவல் வந்ததா? ஒருவர் அனுப்பினோம் என்றும் மற்றவர் வரவில்லை என்றும் சொன்னால் அந்த முரண்பாடே செய்தி. பாறசாலையில் விற்கும் பத்திரிகை ஒன்று, மார்த்தாண்டத்தில் விற்பது வேறு என்பதால் இரண்டாவது கடிதம் எளிதில் விடுபட்டுப் போகும். தன் மாவட்டத்துப் பதிப்பை மட்டும் நினைக்கும் நிருபர் தன் பக்கத்து அதிகாரியோடு நின்றுவிடுவார். எந்தக் கடிதத்துக்கு முதலில் பதில் வரும் என்பதை ஜெஃப்ரியின் பிரதிக் கணக்கு நன்றாகவே சொல்லும்.

காவல்துறை ஊடகத்திடம் பேசுவதற்கு விரிவான கையேடு வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பர் 13 அன்று உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டு, மாநிலக் காவல்துறைத் தலைவர்களின் ஆலோசனையையும் கேட்டது. அத்தகைய கையேடு எதிலும் எழுத்துக் கேள்விக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் தருவது, இரு மாநில எல்லையில் எந்த அலுவலகம் பேசுவது என்ற இரண்டும் இடம்பெற்றாக வேண்டும். அதுவரை இரண்டு பதிலையும், வந்த நேரத்தோடு, அடுத்தடுத்துப் போடுவதே வழி.