நிலுவையா, தவறிய தவணையா? 2018 நுண்கடன் தள்ளுபடியின் ஒரு நிபந்தனையைப் புளியங்குளத்திலிருந்து வாசித்தல்

வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்களுக்காக 2018இல் இலங்கை அரசு அறிவித்த நுண்கடன் தள்ளுபடியைப் பற்றிய எழுத்துகளில் ஒரு கருத்து நிலைபெற்றுவிட்டது. நிபந்தனைகள் எளியவை, அவை கிராமத்துப் பெண்களுக்குச் சரியாகப் போய்ச்சேரவில்லை, விழிப்புணர்வுக் கூட்டங்கள் போதாமையே குறை என்பது அதன் சாரம். இக்கட்டுரை அதனோடு உடன்படவில்லை. கூட்டங்கள் எத்தனை நடந்தாலும், நிபந்தனையைத் தமிழில் சொல்லும்போது வரும் ஒரு சொல் கேட்பவரைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்லக்கூடியது. அந்தச் சொல் ‘நிலுவை’.

தள்ளுபடியின் எல்லை நான்கு அடையாளங்களால் வரையப்பட்டது. கடன்பெற்றவர் அந்த மாவட்டங்களைச் சேர்ந்த பெண்ணாக இருக்க வேண்டும். கடன் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது. கொடுத்தது பதிவுபெற்ற நிதிக் கம்பனியாக இருக்க வேண்டும். 2018 யூன் 30ஆம் திகதியன்று அக்கடனில் மூன்று மாதத்துக்கு மேல் தவணை தவறியிருக்க வேண்டும். முதல் மூன்றில் குழப்பம் குறைவு. வட்டிக்குக் கொடுக்கும் தனியாளின் கடன் இதற்குள் வராது என்பதைப் பேச்சாளர் ஒரு வசனத்தில் சொல்லி முடிக்கலாம். நான்காவதே என் அக்கறை.

வன்னிப் பேச்சில் ‘நிலுவை’ இரண்டு பொருளைச் சுமக்கிறது. இன்னும் கட்ட வேண்டியிருக்கும் மீதிக் கடன் ஒன்று. உரிய நாளில் கட்டாமல் விட்ட தவணை மற்றது. “யூன் 30இல் நிலுவையிலிருந்த கடன்” என்று சொன்னால், அன்று கடன் வைத்திருந்த எவரும் அது தமக்கே உரியது என்று கொள்வார். திட்டம் கேட்டதோ இரண்டாவது பொருளை, அதுவும் மூன்று மாத வயதுடையதை.

இந்த வேறுபாடு வெறும் சொற்சண்டை என்று ஒதுக்குவோர், கடல்கடந்த இரண்டு தள்ளுபடிகளை அருகருகே வைத்துப் பார்க்கட்டும். இந்திய மத்திய அரசின் 2008ஆம் ஆண்டு விவசாயக் கடன் தள்ளுபடி, 2007 மார்ச் 31 வரை வழங்கப்பட்டு, 2007 டிசம்பர் 31இல் தவணை கடந்து, 2008 பெப்ரவரி 29 வரை கட்டப்படாதிருந்த தொகையைப் பார்த்தது. தமிழ்நாடு அரசு 2021 பெப்ரவரியில் அறிவித்த கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி, 2021 ஜனவரி 31இல் மீதியிருந்த கடனைப் பார்த்தது. முன்னதில் ஒழுங்காகக் கட்டிய சிறு விவசாயி வெளியே நின்றார். பின்னதில் அவரும் உள்ளே வந்தார். நம் 2018 திட்டம் முன்னதன் வழியில் போனது. ஆனால் நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று விட்டுவிட்டோம்.

இனிப் புளியங்குளத்துக்கு வருவோம். ஏ9 வீதியிலிருந்து நெடுங்கேணிப் பாதை பிரியும் இவ்விடத்தில் ஒரு மகளிர் குழுவின் முன் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தால், நான்காம் நிபந்தனையை எப்படிச் சொல்வது? நான் கற்பனையாக ஒரு கணக்கை அமைத்துக்கொள்கிறேன். ஒரு பெண் இரண்டு நிதிக் கம்பனிகளில் கடன் எடுத்திருக்கிறார். முதலாவது 60,000 ரூபாய், மற்றது 80,000 ரூபாய். 2017இல் மழை பொய்த்தது. முதற் கடனின் தவணையை 2018 பெப்ரவரி நடுப்பகுதியில் நிறுத்திவிட்டார். யூன் 30இல் அது நான்கு மாதத்தைத் தாண்டிய தவறுதல். எனவே அக்கடன் உள்ளே. இரண்டாவதுக்கு நகையை அடகு வைத்துச் சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் கிழமை வரை கட்டினார். ஏப்ரல் 14இலிருந்து தவறினார் என்று கொண்டால், யூன் 30க்கு 77 நாள்தான் ஆகிறது. அக்கடன் வெளியே. பெண் ஒருவர், வறட்சி ஒன்று. ஆயினும் கடன் தனித்தனியாக எடைபோடப்பட்டதால் விடை இரண்டு.

திகதி விழுந்த இடத்தையும் பார்க்க வேண்டும். காலபோக நெல் மாசி, பங்குனியில் வெட்டப்படும். வயலில் கொஞ்சமாவது கண்ட குடும்பம் அக்காசை அப்போதே பழைய தவணைக்குக் கொடுக்கும். தவறுதல் தொடங்குவது அதற்குப் பிறகுதான். யூன் 30இலிருந்து பின்னோக்கி மூன்று மாதம் எண்ணினால் மார்ச் முடிவில் வந்து நிற்கிறோம். எனவே அறுவடைக் காசில் மார்ச்சில் கட்டி ஏப்ரலில் விழுந்த பெண்ணை இத்திகதி வெளியே தள்ளும் வாய்ப்பு அதிகம். திட்டத்தை வகுத்தோர் இதை எண்ணிச் செய்தார்கள் என்று நான் வாதிடவில்லை. நாட்காட்டி அப்படி விழுந்தது என்பதே என் கூற்று. வறட்சியைக் காரணம் காட்டிய ஒரு திட்டம் போகத்தின் நாட்காட்டியைக் கேட்காமல் திகதி குறித்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இதைவிடக் கனமானது குழுப்பிணை. நுண்கடனில் பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்பது வழக்கம். ஒருத்தி கட்டாத கிழமையில் மற்றவர்கள் சேர்த்துக் கட்டுவார்கள், இல்லாவிட்டால் தவணை சேர்க்க வந்தவர் கூட்டத்தை முடிக்க விடமாட்டார். அப்படிக் கட்டப்பட்ட தவணை, கம்பனியின் ஏட்டில் கட்டப்பட்ட தவணையே. கடன் தவறவில்லை, மூன்று மாதக் கணக்கும் ஓடவில்லை. பகுதியாகக் கட்டினாலும் இதே கதை. வருகிற காசை முதலில் பழைய தவணைக்கு வரவு வைப்பது வழக்கமாதலால், மே மாதத்தில் கட்டிய இரண்டு தவணை தவறுதலின் வயதைக் குறைத்துவிடும். ஒற்றுமையாக நின்ற குழுவின் பெண்ணே தகுதி இழக்கிறார். கம்பனிக்கு அவர் கடனாளி, சக உறுப்பினருக்கும் கடனாளி. பின்னதைத் தள்ளுபடியின் எந்த வரியும் தொடவில்லை. விழிப்புணர்வு போதவில்லை என்போர் இதற்கு என்ன விடை சொல்வார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இப்பெண் நிபந்தனையை முழுதாக அறிந்திருந்தாலும் வெளியேதான் நின்றிருப்பார்.

தள்ளுபடி வேண்டுமென்றே கட்டாமல் விடும் பழக்கத்தை வளர்க்கும் என்ற எதிர்வாதம் இங்கே பொருந்தாது. குறித்த நாள் அறிவிப்புக்கு முந்தியது, நடந்து முடிந்ததைத் திருத்தி எவரும் தகுதி பெற முடியாது. அரசின் பணத்துக்கு ஏதோ ஒரு எல்லை வேண்டும் என்ற வாதத்தை ஏற்கிறேன். ஆனால் அந்த எல்லை துயரத்தை அளந்தது என்று சொல்லக் கூடாது. அது ஏட்டில் விழுந்த தவறுதலை அளந்தது.

ஆகவே பேச்சின் ஒழுங்கு மாற வேண்டும் என்பது என் முடிபு. மாவட்டம், தொகை, கம்பனி என்று வாசித்துக்கொண்டுபோய்க் கடைசியில் ‘நிலுவை’ என்று முடிப்பதைவிட, ஒவ்வொருவர் கையிலுமுள்ள தவணை அட்டையிலிருந்து தொடங்குவது நல்லது. “அக்காமார், ஒவ்வொரு கடனுக்கும் உள்ள அட்டையைத் தனித்தனியா எடுங்கோ. மார்ச் முடியிறதுக்கு முன்னம் கட்டாமல் விட்டு, யூன் 30 மட்டும் கட்டாமலே கிடந்த தவணை எதிலயாவது இருக்கோ பாருங்கோ. நீங்கள் கட்டாமல் குழு கட்டின கிழமையை வேறயாச் சொல்லுங்கோ.” கடைசி வசனத்துக்கு வரும் விடைகள் திட்டத்தின் நான்கு நிபந்தனைகளில் எதிலும் அடங்கா. அவற்றைக் குழுவின் கூட்டக் குறிப்பேட்டில் யாருக்கு யார் எவ்வளவு கட்டினார் என்று பெயரும் தொகையுமாக அன்றே எழுதி வைக்கலாம்.