எழுத்துணரிச் சோதனை (கடவுச்சீட்டுப் படங்கள்)

எழுத்துணரிச் சோதனை என்பது, அச்சிட்ட படிவத்தைப் படமெடுத்து அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் வாசிக்கும் மென்பொருள், படம் கோணலாக இருந்தாலும் வெளிச்சம் குறைந்தாலும் எந்த அளவு வரை சரியாக வாசிக்கிறது என்று அளப்பதாகும். இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்ட படிவங்களுள் ஒன்று கடவுச்சீட்டின் அடியிலுள்ள இரண்டு வரிகள்.

வரலாறு: இயந்திரம் படிக்கத் திணறுவதற்கு எழுத்தின் வடிவமே காரணம் என்று தொடக்க கால வல்லுநர்கள் கண்டனர், அது சரியான முடிவே. 1968இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓசிஆர்-ஏ எழுத்துரு, ஒவ்வொரு எண்ணும் மற்றதிலிருந்து விலகி நிற்குமாறு கோணல்மாணலாக வடிக்கப்பட்டது. கண்ணுக்கு அது அழகில்லை. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்துக்காரரான ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் வடிவமைத்த ஓசிஆர்-பி, மனிதரும் இயந்திரமும் ஒருங்கே படிக்கத்தக்கது. பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பு தன் 9303ஆம் ஆவணத்தில் கடவுச்சீட்டுக்கு இந்த எழுத்துருவையே விதித்தது. வரிக்கு 44 எழுத்துகள். ஓர் எழுத்துக்கு 2.54 மி.மீ. இடம், இரு வரிகளுக்கு நடுவே 6.35 மி.மீ. இடைவெளி.

கோணல்: மேற்சொன்ன அளவுகளே சோதனையின் எல்லையையும் சொல்லிவிடுகின்றன. வரியின் நீளம் ஏறத்தாழ 112 மி.மீ. படம் 3 பாகைக்குச் சற்று அதிகமாகச் சாய்ந்தாலே முதல் வரியின் ஒரு முனை இரண்டாம் வரியின் மட்டத்துக்கு வந்துவிடும். படத்தைக் கிடைமட்டமாக வெட்டிப் படிக்கும் மென்பொருள் இரு வரிகளையும் கலந்து வாசிப்பது இதனால்தான். ஆகவே சாய்வை அரைப் பாகை வீதம் கூட்டிக்கொண்டே போய், எங்கே வாசிப்பு சரிகிறது என்று குறிக்க வேண்டும். கைபேசியை மேலிருந்து நேராகப் பிடிக்காதபோது பக்கம் சரிவகமாகத் தெரியும். அதைச் சுழற்றி நிமிர்த்த முடியாது. நான்கு மூலைகளையும் கண்டுபிடித்து இழுத்துத்தான் செவ்வகமாக்க வேண்டும். ஒரு மூலையை விரல் மறைத்திருக்கும் படங்கள் சோதனைத் தொகுப்பில் கட்டாயம் இருக்க வேண்டும்.

வெளிச்சம்: படம் முழுவதற்கும் ஒரே எல்லை வைத்துக் கறுப்பு, வெள்ளை பிரிப்பது 1979இல் ஒட்சு வகுத்த முறை. கைபேசியின் நிழல் பாதிப் பக்கத்தில் விழுந்தால் அந்தப் பாதி முழுவதும் கறுப்பாகிவிடும். சுற்றுப்புறத்தைப் பார்த்து இடத்துக்கிடம் எல்லையை மாற்றும் சவோலா முறை இதைத் தாங்கும். ஆனால் பிளாஸ்டிக் உறையின் பளபளப்பில் எழுத்து வெளுத்துப்போனால் எந்த முறையாலும் மீட்க முடியாது. அங்கே மென்பொருள் ஊகித்துச் சொல்லாமல் ‘மீண்டும் எடுக்கவும்’ என்று சொல்கிறதா என்பதே சோதனை.

குழம்பும் எண்கள்: எழுத்துக்கு 99 விழுக்காடு துல்லியம் என்பது விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும். பிழைகள் ஒன்றையொன்று சாராமல் நேர்வதாகக் கொண்டால், 88 எழுத்தும் பிழையின்றி வருவது நூற்றில் 41 படங்களில் மட்டுமே. அதனால் எழுத்துவாரியான கணக்கைவிட, எதை எதுவாக வாசித்தது என்ற குழப்ப அட்டவணையும் கட்டம்வாரியான கணக்குமே பயன்படும்.

பிழையைப் பிடிக்கச் சரிபார்ப்பு இலக்கம் ஒன்று உண்டு. எண்களை 7, 3, 1 என மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையின் கடைசி இலக்கம் அது. மேற்படி ஆவணத்தின் மாதிரிக் கடவுச்சீட்டில் பிறந்த தேதி 740812. கூட்டுத்தொகை 122, இலக்கம் 2. இதிலுள்ள 8ஐ 3 என்று வாசித்தால் தொகை 87 ஆகி, 2க்குப் பதில் 7 வரும், பிழை பிடிபடும். எண்ணுக்கு எண் மாறும் ஒற்றைப் பிழை எதுவும் இதிலிருந்து தப்பாது.

எழுத்து எண்ணாக மாறும்போதுதான் ஓட்டை. A 10, B 11 என்று தொடங்கி Z 35 வரை மதிப்பு போவதால் G 16, L 21. G-யை 6 என்றோ L-ஐ 1 என்றோ வாசித்தால் வேறுபாடு பத்தின் மடங்கு, கணக்கு மாறாது. அதே மாதிரியின் ஆவண எண்ணையே பார்க்கலாம்:

```
L898902C3  → 316 → 6
1898902C3  → 176 → 6
```

இரண்டும் தேறிவிடுகின்றன. O-வை 0 என்று வாசிப்பது மாறாகப் பிடிபடும், O-வின் மதிப்பு 24 என்பதால். ஆகவே G–6, L–1 ஜோடிகளைத் தனியே தேடிச் சோதிக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டில் ஓர் எழுத்தை அடுத்து ஏழு எண்கள் வருவதால், முதலிடத்தில் எண் வந்தால் தள்ளிவிடு என்ற ஒரு விதியே போதும். எழுத்தும் எண்ணும் கலந்து தரும் நாடுகளுக்கு அந்த வசதி இல்லை.

தற்போதைய நிலை: சில்லு பதித்த கடவுச்சீட்டுகளில் ஆவண எண், பிறந்த தேதி, காலாவதி தேதி மூன்றும் சேர்ந்தே சில்லைத் திறக்கும் சாவியாகின்றன, L 1 ஆகியிருந்தால் சில்லு திறக்காது.